படித்துறையை விட்டு விலகும் படகு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சின்னப் படகு. அதன் முன்முனை படித்துறையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கயிறு இன்னும் கட்டவில்லை. பின்முனையில் உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்து முன்பக்கம் நடந்து வருகிறீர்கள். வந்து பார்த்தால் படித்துறை எட்டாத தூரத்தில் இருக்கிறது. அப்படி எட்டி வைத்த கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போன அனுபவம் எனக்கும் உண்டு. இயற்பியல் வாத்தியார் என்பதால் கூட வந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

படகு எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் எடை 60 கிலோ, படகு 120 கிலோ, நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகின் எடை சீராகப் பரவியிருந்தால் அதன் மொத்த எடையும் திரண்டிருப்பதாகக் கொள்ளும் புள்ளியான நிறை மையம் நட்டநடுவில், அதாவது பின்முனையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கும். நீங்கள் பின்முனையில் இருக்கிறீர்கள். இருவரையும் சேர்த்தால் பொதுவான நிறை மையம் எங்கே? இருவருக்கும் இடையில்தான், ஆனால் கனமானவர் பக்கமாகச் சாய்ந்து. படகு உங்களைவிட இரண்டு மடங்கு கனம். அதனால் அந்தப் புள்ளி உங்களிடமிருந்து 1 மீட்டர், படகின் நடுவிலிருந்து அரை மீட்டர்.

இப்போது நடக்கிறீர்கள். உங்கள் கால் பலகையைப் பின்னால் தள்ளுகிறது, பலகை உங்களை அதே அளவு முன்னால் தள்ளுகிறது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் உந்தம். உங்களுக்குக் கிடைத்த உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் எதிர்த்திசையில் படகுக்குக் கிடைக்கிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஓடினாலும், தவழ்ந்து வந்தாலும், குதித்துக் குதித்து வந்தாலும் அந்தக் கூட்டல் மாறாது. உள்ளுக்குள் நடக்கும் தள்ளல்கள் கணக்கில் வராது. வெளியிலிருந்து ஒரு விசை வந்து தள்ளாதவரை, தொடக்கத்தில் அசையாமல் நின்ற பொதுவான நிறை மையம் அதே இடத்தில்தான் நிற்கவேண்டும். நீங்கள் முன்முனைக்கு வந்துசேர்ந்ததும் அந்த மையம் மறுபடி உங்களிடமிருந்து 1 மீட்டர் பின்னால் இருக்கும். அது நகராமல் இது நடக்க ஒரே வழி, படகு 1 மீட்டர் பின்னுக்குப் போவது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் நடந்தது 3 மீட்டர் அல்ல, 2 மீட்டர்தான். 60 கிலோ 2 மீட்டர் முன்னே, 120 கிலோ 1 மீட்டர் பின்னே. கணக்கு சரியாகிவிட்டது.

புவியீர்ப்பு இருக்கிறதே, அது வெளியிலிருந்து வரும் விசைதானே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது கீழே இழுக்கிற அளவுக்குத் தண்ணீர் மேலே தாங்குகிறது. பக்கவாட்டில் இரண்டும் ஒன்றும் செய்வதில்லை.

மாணவர்கள் தடுமாறுகிற இடம் வேறு. “பலகை என்னைத் தள்ளியதால்தானே நான் நகர்ந்தேன், அப்புறம் எப்படி அந்த விசையைக் கணக்கில் எடுக்கக்கூடாது?” என்பார்கள். நியாயமான கேள்வி. எது அகவிசை, எது புறவிசை என்பது நாம் எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்களை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் பலகையின் தள்ளல் புறவிசை. உங்கள் நிறை மையம் நகர்கிறது. படகையும் சேர்த்து வளைத்துவிட்டால் அதே தள்ளல் அகவிசை ஆகிவிடும்; அதற்கு ஜோடியான எதிர்விசையும் வளையத்துக்குள்ளேயே வந்து அதை அடித்துவிடும். படகின் முனையில் கட்டிய கயிற்றைப் படகுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இழுத்தால் கரை நெருங்காததும் இதனால்தான். அதே கயிற்றின் நுனி படித்துறைத் தூணில் கட்டியிருந்தால் கதையே வேறு. தூண் வளையத்துக்கு வெளியே இருக்கிறது.

சரி, தண்ணீரை மறந்துவிட்டோமே! அதுவும் வெளியேதான் இருக்கிறது. படகு பின்னே சறுக்கும்போது தண்ணீர் அதைத் தடுக்கிறது, அதாவது முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலால் உங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் முன்னோக்கிய உந்தம் சேர்ந்துவிடும். நீங்கள் முன்முனையில் நின்றவுடன் படகும் நின்றுவிடாது. மெல்லக் கரைப்பக்கம் திரும்பி வரத்தொடங்கும். இப்போது தண்ணீர் அந்த ஓட்டத்தைத் தடுத்து, சேர்ந்த உந்தத்தை மெல்ல மெல்லக் கரைக்கும்.

எவ்வளவு தூரம் திரும்பி வரும்? தண்ணீரின் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருந்தால் விடை அழகாக வரும். முதலிலும் முடிவிலும் மொத்த உந்தம் பூஜ்யம். ஆகவே தண்ணீர் முன்னே தள்ளிக் கொடுத்ததும் பின்னே தள்ளிப் பறித்ததும் சமம். தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்பதால், தண்ணீர் தரும் உந்தம் படகு கடக்கும் தூரத்துக்கு நேர்விகிதம். அப்படியானால் படகு பின்னே போன தூரமும் திரும்பி வந்த தூரமும் சமம். படகு கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும்! தடை எவ்வளவு சிறியதானாலும் இதுதான் முடிவு, நேரம்தான் கூடும். நிறை மையம் 1 மீட்டர் கரைப்பக்கம் நகர்ந்திருக்கும். நகர்த்தியது உங்கள் கால்கள் அல்ல, தண்ணீர்.

உண்மையான தண்ணீரில் தடை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. வேகம் கூடினால் தடை அதைவிட வேகமாகக் கூடும். காற்றும் அலையும் வேறு குறுக்கே வரும். அதனால் படகு அதே இடத்தில் நிற்கும் என்று பந்தயம் கட்டவேண்டாம். ஆனால் திரும்பி வருவதைக் காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். முன்முனைக்கு வந்ததும் உடனே காலை எட்டி வைக்காமல் கொஞ்சம் சும்மா நில்லுங்கள். படித்துறை மெதுவாக உங்களை நோக்கி வரும்.