ஷா ஊரின் தெருவிளக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொது நிர்வாகம் படித்தவர்களுக்கு மின்னோபுரூக் என்ற பெயர் தெரிந்திருக்கும். தேர்வுக்கு நாலு வரி மனப்பாடம் செய்து மறந்தவர்களும் உண்டு. 1968 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஓர் ஏரிக்கரை விடுதியில் நடந்த கூட்டம் அது. டுவைட் வால்டோ என்ற மூத்த பேராசிரியரின் ஆதரவில் நடந்தது. வந்தவர்களோ பெரும்பாலும் இளைஞர்கள். முந்தைய ஆண்டுதான் டெட்ராய்ட் நகரம் கலவரத்தில் எரிந்திருந்தது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வியட்நாம் போர் ஓயவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் தங்கள் துறை பட்ஜெட்டையும் அலுவலக அமைப்பையும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் அந்த இளைஞர்களின் ஆதங்கம்.

அவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஃபிரெடரிக்சன். பழைய நிர்வாகவியல் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டது என்றார் அவர். இருக்கிற பணத்தில் இன்னும் நல்ல சேவை தர முடியுமா? இதே சேவையைக் குறைந்த செலவில் தர முடியுமா? இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: இந்தச் சேவை சமூக நியாயத்தைக் கூட்டுகிறதா? இதுதான் ‘புதிய பொது நிர்வாகம்’ என்ற இயக்கத்தின் மையம். எண்பதுகளில் வந்த ‘புதிய பொது மேலாண்மை’ வேறு. அது சந்தையின் பக்கம் திரும்பியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் என்ன மாறிவிடும்? மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்றொரு சிற்றூர். அந்தக் காலத்தில் மக்கள்தொகை சுமார் 2,500. கறுப்பின மக்கள் 1,500 பேர், வெள்ளையர் 1,000 பேர். தார் போடாத தெருக்களைப் பார்த்திருந்த வீடுகளில் ஏறக்குறைய 98 சதவீதம் கறுப்பினத்தவருடையவை. வெள்ளையர் பகுதியில் பளிச்சென்ற பாதரச ஆவி விளக்குகள். மற்றப் பகுதியில் வெறும் குண்டு பல்புகள். பாதாளச் சாக்கடை வெள்ளையர்களில் 99 சதவீதம் பேருக்கு இருந்தது. கறுப்பினத்தவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இல்லை.

ஆண்ட்ரூ ஹாக்கின்ஸ் என்பவரும் ஊர்க்காரர்கள் சிலரும் வழக்குப் போட்டார்கள். ஊர் நிர்வாகம் சொன்ன பதில்தான் கவனிக்க வேண்டியது. இன வெறுப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. எந்தத் தெருவில் போக்குவரத்து அதிகமோ, எங்கே கடைகண்ணி இருக்கிறதோ, எது போதுமான அகலம் உள்ளதோ, அதற்கு முதலில் தார் போட்டோம் என்றார்கள். எந்தப் பொறியாளரும் தலையாட்டும் காரணங்கள். கீழ் நீதிமன்றமும் தலையாட்டி வழக்கைத் தள்ளிவிட்டது.

1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே காரணங்களை ஒவ்வொரு தெருவாக வைத்துப் பார்த்தது. கறுப்பினத்தவர் தெருக்கள் குறுகலானவை என்றால், அதே அளவு குறுகலான வெள்ளையர் தெருக்களுக்குத் தார் எப்படி வந்தது? அங்கே வீட்டுத் தெருக்களுக்கும் தார் போடப்பட்டிருந்ததே, அவற்றில் என்ன பெரிய போக்குவரத்து? விதி ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறு பக்கம் தளர்வாகவும் நடந்திருக்கிறது. கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விளைவே போதும் என்று சொல்லி, நிலைமையைச் சரிசெய்ய ஊரே ஒரு திட்டம் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஊர் முழுவதற்கும் சராசரி போட்டுப் பார்த்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. ஒரு மைல் சாலைக்கு எவ்வளவு செலவு, அதில் எத்தனை வண்டிகள் ஓடின என்ற கணக்கில் ஷா நன்றாகவே தேறியிருக்கக்கூடும். சேவையைத் தெருவாரியாகப் பிரித்து, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதினால்தான் உண்மை வெளியே வரும். இன்னொன்றும் உண்டு. போக்குவரத்து அதிகமுள்ள தெருவுக்கே சாலை என்றால், சாலை இல்லாத தெருவில் போக்குவரத்து கூடப்போவதில்லை. அடுத்த முறையும் அது பட்டியலின் கடைசியில்தான் நிற்கும்.

சரி, இந்த மூன்றாவது கேள்விக்கு எதிர்ப்பே இல்லையா? இருந்தது. நியாயம் எது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கு யார் கொடுத்தது என்று நிர்வாகவியல் அறிஞர் விக்டர் தாம்சன் 1975இல் கடுமையாகக் கேட்டார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வேலையை அதிகாரிகள் பறித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தன் விருப்பத்தை நியாயம் என்று அழைக்கும் அதிகாரி எங்கும் இருக்கிறார். ஆனால் ஷாவில் பெரும்பான்மையினரே கறுப்பினத்தவர். அந்த மாநிலத்தில் அவர்கள் தடையின்றி வாக்களிக்க வழி திறந்ததே 1965 சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் தார் போட்ட தெருக்களை யாருடைய பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்தார்கள்? அங்கே தாம்சனின் வாதம் நிற்காது என்றே எனக்குப் படுகிறது.

1976இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், பாகுபாட்டு நோக்கம் இருந்ததைக் காட்டாமல் விளைவை மட்டும் வைத்து அரசியல் சட்ட மீறல் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஷா போன்ற ஊர்மக்கள் நீதிமன்றம் போய் வெல்வது மிகவும் கடினமாயிற்று. அடுத்த சாலைப் பட்டியலைத் தயாரிக்கும் மேசையிலேயே மூன்றாவது கேள்வியை யாராவது கேட்டாக வேண்டியிருந்தது.

நன்றி, வணக்கம்.