மெஸ் பில்லும் ஒரு நன்றிக் கடிதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையின் உதவித்தொகைப் பணிகளை நான் கவனித்து வருகிறேன். விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, பணம் மாணவரின் வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டதா என்று விசாரிப்பது, ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாணவரும் தம் கொடையாளருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தை வாங்கி அனுப்பி வைப்பது ஆகியவை என் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன வேலையை எடுபிடி வேலை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். முதல் ஆண்டு வந்த கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படித்தபோது, பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய கடிதம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் அவர்கள் எழுதிப் பழகிய கடிதம் விடுப்பு விண்ணப்பம் ஒன்றுதான். ஆகவே நன்றிக் கடிதத்திலும் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி, பொருளுக்கு நேரே 'நன்றி தெரிவித்தல் சார்பாக' என்று போட்டுவிடுகிறார்கள். அதன்பின் 'தாங்கள் செய்த பேருதவியை என் வாழ்நாள் முழுவதும் மறவேன்', 'தங்களைத் தெய்வமாகக் கருதுகிறேன்' என்று நான்கைந்து வரிகள் வரும். பணம் என்ன ஆயிற்று என்பது மட்டும் வராது. வந்தாலும், 'படிப்புக்கு மிகவும் பயன்பட்டது' என்ற அளவில் நின்றுவிடும்.

இன்று ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுதியவர் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டை முடித்திருந்த மாணவி. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வந்தவர் என்பதால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான அரசுச் சலுகை அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சலுகை கல்விக் கட்டணத்தைத்தான் குறைக்கும். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் ஆகியவை தனி. அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வந்துகொண்டிருந்தது. எங்கள் அறக்கட்டளை வழியாக ஒரு கொடையாளர் அவருக்கு அந்த ஆண்டு 40,000 ரூபாயை, ஆகஸ்டில் பாதியும் ஜனவரியில் பாதியுமாகக் கொடுத்திருந்தார்.

அவர் கொண்டுவந்த முதல் கடிதத்தில், 'தாங்கள் அளித்த தொகையில் பாடப் புத்தகங்கள் வாங்கிப் படித்து, சிறந்த முறையில் தேர்ச்சி பெற்று வருகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. 40,000 ரூபாய்க்கா புத்தகம் வாங்கினாய் அம்மா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். சிறிது நேரம் கழித்து, 'அம்மாவோட கம்மல திருப்பினோம் சார்' என்றார்.

முதலாண்டில் விடுதியில் சேரும்போது கட்ட வேண்டியிருந்த முன்பணத்துக்காக, அக்டோபரில் அம்மாவின் கம்மலை ஊர் அடகுக் கடையில் வைத்து 12,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். மாதம் 180 வீதம் பத்து மாதத்துக்கு 1,800 ரூபாய். ஆகஸ்டில் உதவித்தொகையின் முதல் பாதி வந்த வாரத்திலேயே 13,800 ரூபாய் கட்டி அதை மீட்டுவிட்டார்கள். இதை எழுதினால் 'படிக்கக் கொடுத்த காசில் நகை திருப்பினார்கள்' என்று கொடையாளர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சத்தில்தான் புத்தகம் வாங்கியதாக எழுதியிருந்தார்.

அடகு வைத்ததே விடுதிக்காகத்தான் என்பதால், மீட்டதும் படிப்புச் செலவுதான் என்பது என் கருத்து. எங்கள் அறக்கட்டளையின் படிவத்திலும் 'கல்வி தொடர்பான செலவு' என்று பொதுவாகவே இருக்கிறது. சில அமைப்புகள் கட்டண ரசீது கொடுத்தால் மட்டுமே பணம் தருவார்கள். அங்கே இப்படிச் செய்வதற்கு முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். எப்படியானாலும், வாங்காத புத்தகத்தை வாங்கியதாக எழுதுவது தவறு. மரியாதைக்காகச் சொன்ன பொய் என்றாலும், கொடுத்தவருக்குத் தவறான கணக்கைக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு அவர் 'புத்தகம்தானே, 10,000 போதுமே' என்று முடிவு செய்தால் யாரைக் குறை சொல்வது?

மீதி எங்கே போயிற்று என்று இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 20,400 ரூபாய் மெஸ் பில்லுக்குப் போயிருந்தது. தேர்வுக் கட்டணம், ஒரு கால்குலேட்டர், ரெக்கார்டு நோட்டு, பிரிண்ட் அவுட் என்று எஞ்சிய 5,800 செலவாகியிருந்தது. மெஸ் பில்தானே என்று நான் கடந்துபோயிருப்பேன். ஆனால் முந்திய ஆண்டு, உதவித்தொகை இல்லாதபோது, மெஸ் பில்லை எப்படிச் சமாளித்தாய் என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் அந்தக் கடிதத்தையே மாற்றிவிட்டது.

விடுதி வாழ்க்கை தெரியாத நேயர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். நம் கல்லூரி விடுதிகள் பலவற்றில் உணவுக் கட்டணம் 'டிவைடிங்' முறையில் கணக்கிடப்படுகிறது. அந்த மாதம் அரிசி, காய்கறி, எரிவாயு, சமையலர் கூலி என்று ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாட்களின்படி எல்லாருக்கும் பங்கிடுவார்கள். இவருடைய விடுதியில் அது மாதத்துக்கு ஏறத்தாழ 3,400 ரூபாய் வந்தது. ஊருக்குப் போயிருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு 'மெஸ் ரிடக்ஷன்' என்று பெயர். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் போனால் கழிக்க மாட்டார்கள். தொடர்ந்து ஐந்து நாளாவது விடுதியில் சாப்பிடாமல் இருந்தால்தான் கழிவு உண்டு என்பது அந்த விடுதியின் விதி. சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். ஆகவே இந்தப் பெண் முதலாண்டில் மாதந்தோறும் ஒருமுறை வெள்ளிக்கிழமை காலையிலேயே ஊருக்குக் கிளம்பி, செவ்வாய்க்கிழமை இரவு திரும்பியிருக்கிறார். ஐநூற்றுச் சொச்சம் மிச்சமாகும். அதற்கு விலையாக மாதத்துக்கு மூன்று வேலைநாள் வகுப்புகள் போயின. திங்கட்கிழமை கணித வகுப்பு இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் நடக்கும். இரண்டாம் பருவத்தில் அந்தக் கணிதத் தாளில்தான் அவர் தோற்றார். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதிக்கு, அந்தப் பருவத்தில் அவர் 77 வைத்துத் தப்பியிருந்தார்.

இரண்டாம் ஆண்டில் ஆறு மாத மெஸ் பில்லை உதவித்தொகை கட்டியது. மற்ற நான்கு மாதங்களைப் புதுமைப் பெண் பணமும் அப்பா அனுப்பியதும் சேர்ந்து சமாளித்தன. பண்டிகைக்குத் தவிர அவர் ஊருக்குப் போகவில்லை. வருகை 92 ஆயிற்று. கணித அரியரை நவம்பர் தேர்விலேயே எழுதித் தேர்ச்சி பெற்றார். நில அளவைச் செய்முறை வகுப்பு திங்கள் பிற்பகலில் இருந்தது. நான்கு பேர் கொண்ட குழுவில் இவர் ஒருநாள்கூட விடுபடாமல் நின்றதால், டோட்டல் ஸ்டேஷன் கருவியைத் தாங்குகாலில் பொருத்தி மட்டம் சரிபார்க்கும் வேலையை மற்றவர்கள் இவரிடமே விட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போதுதான் அந்தப் பெண் முதன்முறையாக நிமிர்ந்து பேசினார்.

இவ்வளவும் முதல் கடிதத்தில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. திரும்ப எழுதச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒன்றரைப் பக்கத்தில், தம் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். அவர் அனுமதியோடு ஒரு பகுதியை வாசிக்கிறேன்.

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டேன். தாங்கள் அனுப்பிய பணத்தில் 13,800 ரூபாயை, சென்ற ஆண்டு என் விடுதிச் சேர்க்கைக்காக அடகு வைத்த அம்மாவின் கம்மலை மீட்கக் கொடுத்தோம். ஆறு மாத மெஸ் கட்டணம் கட்டினேன். முதலாண்டில் மெஸ் செலவைக் குறைப்பதற்காக மாதந்தோறும் ஐந்து நாள் வீட்டுக்குப் போய்விடுவேன். அதனால் பல வகுப்புகளை விட்டேன், கணிதத்தில் தோல்வியும் அடைந்தேன். இந்த ஆண்டு அப்படிப் போக வேண்டியிருக்கவில்லை. கணிதத்தை எழுதித் தேறிவிட்டேன். என் சராசரி 6.4-லிருந்து 7.1 ஆகியிருக்கிறது. பொருள்களின் வலிமை என்ற பாடம் இன்னும் எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது.'

தோல்வியை எழுதலாமா என்று அவர் தயங்கியது உண்மை. 6.4-ஐச் சொல்லாமல் 7.1-ஐ மட்டும் சொன்னால், அது சாதாரண மதிப்பெண்ணாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், கொடுத்தவருக்குத் தம் பணம் எந்த இடத்தில் வேலை செய்தது என்பது விளங்கும். புதுமைப் பெண் தொகையைக் குறிப்பிடச் சொன்னதும் நான்தான். வேறு உதவி வருவதை மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால், சொன்ன மற்ற உண்மைகளின்மீதும் ஐயம் விழும்.

இரண்டு இடங்களை நீக்கச் சொன்னேன். ஒன்று, வீட்டின் கஷ்டத்தை விவரித்திருந்த ஒரு பத்தி. அது விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது. கொடையாளர் அதைப் படித்த பிறகே பணம் தந்திருக்கிறார். வாங்கிய பிறகும் அதையே திரும்ப எழுதுவது மாணவரைத் தாழ்த்துகிறது என்பது என் எண்ணம். (காசோலையின் பெரிய அட்டை மாதிரியோடு மாணவரை நிற்க வைத்துப் படம் எடுக்கும் வழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை, அது வேறு கதை.) மற்றொன்று, 'மூன்றாம் ஆண்டுக்கும் தாங்களே உதவ வேண்டும்' என்ற கடைசி வரி. புதுப்பித்தலுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. ஒரே தாளில் நன்றியும் கோரிக்கையும் சேர்ந்தால், மேலே எழுதியதெல்லாம் கோரிக்கைக்கான முன்னுரையாகிவிடும்.

கடிதத்தை அறக்கட்டளை முகவரியிட்ட உறையில் வைத்து நானே அஞ்சலில் சேர்த்தேன். மாணவியின் கைப்பேசி எண்ணோ வங்கி விவரமோ அதில் இருக்கவில்லை. பதில் எதையும் நாங்கள் எதிர்பார்ப்பதில்லை. பெரும்பாலும் வருவதும் இல்லை. இந்த முறை மூன்று வாரத்தில் கொடையாளரிடமிருந்து ஓர் இன்லாந்து கடிதம் வந்தது. பாராட்டு ஒரு வரிதான். அதற்குக் கீழே அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'விடுதி முன்பணம் எந்த மாதத்தில் கட்ட வேண்டும்? பணம் ஆகஸ்டில் வந்தால் அதற்குள் நகை கடைக்குப் போய்விடுகிறதே.'

இத்தனை ஆண்டுகளாக நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. எங்கள் கணக்காளரின் வசதிக்காக வைத்திருந்த தேதி அது. முதலாண்டில் மட்டும் சேர்க்கையின்போது அக்டோபரில் கட்ட வேண்டியிருந்தது, அடுத்த ஆண்டுகளில் முன்பணம் ஜூலை முதல் வாரத்தில் கட்ட வேண்டும் என்று அந்த மாணவி பதில் எழுதினார். அதே கடிதத்தின் நகலை நான் அறக்கட்டளைக் கூட்டத்தில் வைத்தேன். அடுத்த கல்வியாண்டில் எல்லா மாணவர்களுக்கும் முதல் தவணை ஜூன் 25-ஆம் தேதியே வரவாயிற்று.

வணக்கம்.