கோல்ஃப் பந்தில் குழிகள் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். கோல்ஃப் பந்தை யாராவது கையில் கொடுத்தால் விரல் முதலில் தேடிப் போவது அதன் குழிகளைத்தான். முந்நூறு, நானூறு குழிகள் இருக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். வழவழப்பாக இருந்தால்தானே காற்றில் வழுக்கிக்கொண்டு போகும், எதற்கு இந்தக் குழிகள் என்று கேட்கத் தோன்றும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் கோல்ஃப் பந்து செய்ய ஆரம்பித்தார்கள். புதுப் பந்து மொழுமொழுவென்று இருக்கும், ஆனால் சரியாகப் பறக்காது. அடிபட்டு, கீறல் விழுந்து, பார்க்கவே சகிக்காத பழைய பந்துதான் தூரம் போனது. ஆட்டக்காரர்கள் புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி வடுவாக்கிக்கொண்டார்கள். 1905-இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் குழி போட்ட பந்துக்குக் காப்புரிமை கேட்டார். அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரு நல்ல அடியில் பந்து நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். விட்டம் 42.7 மில்லிமீட்டர், எடை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் குழி இல்லாத பந்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, பந்தின் எடையைப் போல நாலரை மடங்குக்கும் மேல். குழி உள்ள பந்தில் அது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. புவியீர்ப்பைவிடக் காற்றுதான் இந்தப் பந்துக்குப் பெரிய எதிரி.

இந்த இழுவை எங்கிருந்து வருகிறது? காற்று பந்தின் மேல் உரசுவதால் என்றுதான் நினைப்போம். உரசலின் பங்கு நூற்றில் சில பங்குதான். மீதி எல்லாம் அழுத்த வேறுபாடு: பந்தின் முன்பக்கம் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது, பின்பக்கம் குறைகிறது. பின்பக்கம் ஏன் குறைகிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

பந்தின் மேல்பரப்பை ஒட்டி, மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு தடிமனில், வேகம் குறைந்த ஒரு காற்றுப் படலம் ஓடுகிறது. எல்லைப் படலம் என்பார்கள். பந்தின் அகலமான நடுப்பகுதியை நெருங்கும் வரை அதற்குச் சிரமம் இல்லை. அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் காற்று தானாக முன்னேறும். அதன் பிறகு அழுத்தம் ஏற ஆரம்பிக்கும், மேட்டில் ஏறுவது மாதிரி. படலத்தின் அடியில் இருக்கும் சோர்ந்த காற்றால் அந்த மேட்டில் ஏற முடியாது. நின்று, திரும்பி, பந்தை விட்டுப் பிய்ந்துகொண்டு போய்விடும். வழவழப்பான பந்தில், முன்முனையிலிருந்து கோணம் அளந்தால் ஏறக்குறைய 80 பாகையிலேயே, நடுவை எட்டும் முன்பே இது நடந்துவிடுகிறது. பந்தின் பின்பாதி முழுவதும் குறைந்த அழுத்தத்தில் சுழன்றுகொண்டிருக்கும் காற்று. அதுதான் பின்னால் இழுக்கிறது.

சீராக, அடுக்கடுக்காக ஓடும் படலத்துக்குத்தான் இந்தப் பலவீனம். அதே படலம் கொந்தளித்து ஓடினால், வெளியே வேகமாகப் போகும் காற்று கலங்கி உள்ளே இறங்கி, பரப்பை ஒட்டிய காற்றுக்கு வேகம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது அது மேட்டில் கொஞ்ச தூரம் ஏறிவிடும். பிய்வது 110, 120 பாகைக்குத் தள்ளிப்போகும். பின்னால் இருக்கும் சுழல் பகுதி ஒடுங்கும், இழுவை சரியும்.

வேகம் கூடக் கூட எந்தப் பந்திலும் ஒரு கட்டத்தில் படலம் தானாகவே கொந்தளிப்புக்கு மாறும். அப்போது இழுவைக் குணகம், அதாவது வேகத்தையும் அளவையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் இழுவையின் அளவுகோல், சட்டென்று விழும். இதற்கு இழுவை நெருக்கடி என்று பெயர். வழவழப்பான கோளத்தில் குணகம் 0.5-இலிருந்து 0.1 பக்கம் வந்துவிடும். காற்றுச் சுரங்கத்தில் பார்த்தால் இன்னும் விநோதம்: நெருக்கடிக்கு முன்னால் இருந்த வேகத்தை இரட்டித்தாலும் தராசு காட்டும் விசை கூடாமல் குறைந்து நிற்கும்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் குஸ்தாவ் ஈஃபில், கோபுரம் கட்டியவரேதான். 1912-இல் பாரிஸில் அவர் அளந்த கோள இழுவைக்கும், ஜெர்மனியின் கோட்டிங்கனில் அளந்ததற்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தது. இரண்டுமே சரி என்று 1914-இல் கோட்டிங்கன் விஞ்ஞானி லுட்விக் பிராண்டில் காட்டினார். ஈஃபில் அதிக வேகத்தில், நெருக்கடியைத் தாண்டி அளந்திருந்தார். பிராண்டில் செய்த சோதனை அழகானது. கோளத்தின் நடுவுக்குச் சற்று முன்னால் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றினார். கம்பி தடுக்கிப் படலம் கொந்தளித்தது, குறைந்த வேகத்திலேயே இழுவை விழுந்தது. தடங்கல் வைத்துத் தடையைக் குறைத்த மனிதர்!

இப்போது கோல்ஃப் பந்துக்கு வருவோம். பந்தின் வேகத்தையும் அளவையும் காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் ஒன்று உண்டு, ரெனால்ட்ஸ் எண் என்பார்கள். வழவழப்பான பந்துக்கு நெருக்கடி வர அது மூன்றரை லட்சம் பக்கம் போக வேண்டும். இந்த அளவுள்ள பந்துக்கு அது நொடிக்கு 120 மீட்டருக்கு மேல். எந்த ஆட்டக்காரரும் அந்த வேகத்தில் அடிப்பதில்லை. 70 மீட்டரில் எண் வெறும் இரண்டு லட்சம். குழி போட்டால் நெருக்கடி 50,000 பக்கம், அதாவது 18 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. பந்து 70-இல் கிளம்பி 30-க்குக் கிட்டத் தரையிறங்குவதால், பறக்கும் நேரம் முழுவதும் நெருக்கடியைத் தாண்டிய பக்கத்திலேயே இருக்கிறது. குணகம் 0.25 அளவில் நிற்கிறது.

குழிக்குள் என்ன நடக்கிறது என்பதை 2006-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹேச்சியோன் சோய் குழு நெருங்கிப் பார்த்தது. குழியின் முன்விளிம்பில் காற்று பரப்பை விட்டு விலகுகிறது. விலகிய படலம் நிலையில்லாமல் சுருண்டு, கலங்கி, வெளியிலிருந்து வேகத்தை வாங்கிக்கொண்டு மறுபடி பரப்பில் ஒட்டுகிறது. பிய்தல் 110 பாகைக்குப் போகிறது. சின்னச் சின்னதாகப் பிய்ந்து ஒட்டுவதால் பெரிய பிய்தல் தள்ளிப்போகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

அப்படியானால் குழியை இன்னும் ஆழமாக்கினால்? நெருக்கடி இன்னும் குறைந்த வேகத்தில் வரும், ஆனால் அதற்குப் பிந்தைய குணகம் ஏறிவிடும். கலக்கம் மிஞ்சினால் படலம் தடித்து, சீக்கிரமே சோர்ந்து பிய்கிறது. ஆழம் குறைந்தாலோ, வேகம் தணியும்போது பந்து பாதி வழியில் நெருக்கடியின் தவறான பக்கத்துக்கு விழுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சேறு ஒட்டியிருந்தால் இரு பக்கமும் பிய்யும் இடம் மாறி, பந்து கோணலாகப் போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. அடிபட்ட பந்து நிமிடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்று பின்பக்கமாகச் சுழல்கிறது. அதனால் மேலே பிய்யும் இடம் பின்னுக்கும் கீழே முன்னுக்கும் நகர்ந்து, தூக்குவிசை கிடைக்கிறது. வழவழப்பான பந்தில் இது பலவீனம். சில வேகங்களில் கீழே அமுக்கவும் செய்யும்.

விமான இறக்கையில் ஏன் குழி போடுவதில்லை என்று கேட்பீர்கள். அதன் வடிவமே காற்று பிய்யாமல் ஓடுவதற்கானது. அங்கே பெரிய செலவு உரசல்தான். படலத்தைக் கொந்தளிக்க விட்டால் உரசல் கூடும். அங்கே பொறியாளர்கள் பரப்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக வைக்கிறார்கள்.

வணக்கம்.