மேடைத் தமிழ் ஆங்கிலத்துக்குப் போகும்போது

[திரையில்: மட்டக்களப்பு வாவி, பின்னால் கல்லடிப் பாலம்]

வணக்கம். மட்டக்களப்பில் ஓர் ஆய்வு மாநாடு நடக்கிறது. வெளிநாட்டுப் பேராளர்களும் வருகிறார்கள், அதனால் வரவேற்புரையை ஆங்கிலத்திலும் கொடுக்கவேண்டும். உரை இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்:

"மீன்பாடும் தேன்நாடாம் இம்மட்டுமண்ணிலே, முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலானந்தர் அவதரித்த இத்திருமண்ணிலே, அறிவுக் கடலாய், ஆய்வுச் சுடராய் விளங்கும் பேராசிரியர் அவர்களே, உங்களை வருக வருக என வரவேற்கிறேன்."

மேடையில் இது எடுபடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், 'வரவேற்கிறேன்' வரும்வரை காது காத்திருக்கிறது. அந்த இடைவெளியை அடைமொழிகள் நிரப்புகின்றன. ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முன்னுக்கே வந்துவிடும். பிறகு அடைமொழிகள் வால்போல நீண்டு தொங்கும்.

[திரையில்: 'அறிவுக் கடலாய், ஆய்வுச் சுடராய்' அடிக்கோடிடப்படுகிறது]

இதை 'ஓஷன் ஆஃப் நாலெட்ஜ்' என்று எழுதினால், பேராசிரியரைக் கேலி செய்கிறோமோ என்று ஆங்கில வாசகர் நினைப்பார். தமிழில் இது வெறும் மரியாதை, கடலின் ஆழத்தை யாரும் அளப்பதில்லை. ஆங்கிலத்தில் அதே மரியாதையைச் செய்வது சரியான பதவிப் பெயரும் அவருடைய வேலையைச் சொல்லும் ஒரு வரியும்தான். அந்த வரியை ஊகித்து எழுதவேண்டாம். ஏற்பாட்டாளரிடம் அவருடைய விபரக்கோவை இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

'முத்தமிழ் வித்தகர்' என்பதற்கும் இதே வழிதான். பழந்தமிழிசையை ஆராய்ந்து, 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' எழுதியவர் என்றால் போதும். அடைமொழியைவிட அந்தச் செய்திக்குக் கனம் அதிகம்.

இனி, கவனமாகப் பார்க்கவேண்டிய இடம். 'இத்திருமண்ணிலே அவதரித்த' என்பதை 'பார்ன் ஹியர்' என்று எழுதினால் பிழை. சுவாமி பிறந்தது 1892இல், காரைதீவில். அது இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. 'மட்டுமண்' என்று பேச்சாளர் சொல்வது பழைய, அகன்ற மட்டக்களப்பை. 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது. தமிழ் அலங்காரம் மூடி வைத்திருக்கும் இந்த நெகிழ்வை ஆங்கிலம் வெளியே காட்டிவிடும். 'திஸ் ரீஜன்' என்றால் தப்பலாம்.

'மீன்பாடும்' என்பதை விடாதீர்கள். வாவியில் நிலாக் காலத்தில் கேட்கும் ஒலியைப் பற்றியது அது. 'சிங்கிங் ஃபிஷ்' என்றால் வெளிநாட்டவரும் ஆர்வமாய்க் கேட்பார்கள். 'தேன்நாடு' போகட்டும், இரண்டும் சேர்ந்தால் சுற்றுலா விளம்பரம் ஆகிவிடும்.

[திரையில், வரி வரியாக]

"ப்ரொஃபெஸர், வீ வெல்கம் யூ டு பட்டிக்கலோ, த லேண்ட் ஆஃப் த சிங்கிங் ஃபிஷ். திஸ் ரீஜன் கேவ் அஸ் சுவாமி விபுலானந்தா, ஹூஸ் யாழ் நூல் ரிகவர்ட் த மியூசிக் ஆஃப் ஏன்ஷன்ட் தமிழ்."

பெயருக்குப் பின் பேராசிரியரின் துறை ஒரு வரியில் வரும். 'வருக வருக' ஒரே 'வெல்கம்' ஆகிவிட்டது.

குறைக்கக்கூடாதது ஒன்று உண்டு: விளிப்புகளின் வரிசை. தலைவர், பிரதம அதிதி, பேராளர் என்ற ஒழுங்கில் ஒருவர் விடுபட்டாலும் அவமதிப்பாகும். ஆகவே அடைமொழியை வெட்டுங்கள், ஆளை வெட்டவேண்டாம். அச்சுக்குக் கொடுக்குமுன் பேச்சாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 'என் கடலும் சுடரும் எங்கே?' என்று அவர் கேட்டால், பேராசிரியரின் துறையைச் சொல்லும் வரியைக் காட்டுங்கள்.