ஐஸுக்கு எவ்வளவு பலம்? குழாய்க்கு எவ்வளவு பலம்?

(ஈரோட்டில் ஏசி, சில்லர் வேலை பார்ப்பவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கமுங்க. நம்ம ஊர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் உறைந்து குழாய் வெடிப்பதைப் பற்றி என்ன பேச்சு என்று முன்வரிசையில் ஒருத்தர் சிரிக்கிறார். சிரிங்க. ஆனால் பால் குளிரூட்டும் இடத்திலோ சாயப்பட்டறையிலோ சில்லருக்குள் தண்ணீர்க் குழாய் உப்பி நீளவாக்கில் கிழிந்து, கேஸ் லைனுக்குள் தண்ணீர் போய், கம்ப்ரஸரே நாசமாகிப் போனதை இங்கே பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். வெயில் ஊரிலும் சில்லருக்குள் இருப்பது குளிர்காலம்தான்.

தண்ணீர் ஐஸானால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் பெருக்குவது மட்டும் எதையும் உடைக்காது. ஐஸ் பேக்டரியில் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கும் கேன் ராத்திரி முழுக்க உறைகிறது, வெடிக்கிறதா? மேலே வாய் திறந்திருக்கிறது, ஐஸ் மேல்பக்கமாக எழும்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வாயை மூடிவிட்டால் அப்புறம் நடப்பது வேறு கதை. 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக்கில் மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி, வார்ப்பிரும்பு வெடிகுண்டுக் கூடுகளில் தண்ணீர் நிரப்பி, அடைப்பானை அடித்து இறுக்கி, வெளியே பனியில் வைத்தார். அடைப்பான் விட்டுக்கொடுத்த கூட்டில் அது 400 அடிக்கு மேல் பறந்து போய் விழுந்தது. அடைப்பான் விடாமல் நின்ற இடத்தில் கூடே பிளந்தது.

இதைக் கேட்டுவிட்டு ஐஸுக்கு எல்லையில்லாத பலம் என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. தப்புங்க. ஐஸின் பலத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை நிர்ணயிப்பது வெப்பநிலை.

எப்படி என்றால், தண்ணீரை அழுத்தினால் அது உறையும் வெப்பநிலை கீழே இறங்குகிறது. ஒரு டிகிரி இறங்க சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 135 கிலோ அழுத்தம் வேண்டும். நாம் பேச்சில் சும்மா கிலோ என்போமே, அந்த 135 கிலோ. அடைத்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஐஸாகிறது, மிச்சத் தண்ணீருக்கு இடம் போதவில்லை, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற அந்த மிச்சத் தண்ணீர் உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் தேவைப்படுகிறது. ஆக, சுற்றியிருக்கும் குளிர் மைனஸ் 1 என்றால் 135 கிலோவில் ஆட்டம் நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு சொட்டுகூட உறையாது. மைனஸ் 5-இல் சுமார் 600 கிலோ வரை போகும், மைனஸ் 10-இல் சுமார் 1100. மைனஸ் 22-இல் சுமார் 2100 கிலோ, சாதாரண ஐஸுக்கு அதுதான் உச்சம். அதற்கும் மேலே அழுத்தினால் தண்ணீரைவிட அடர்த்தியான வேறு வகை ஐஸ் உருவாகிவிடும், அது பெருக்குவதே இல்லை.

சரி, இப்போது குழாயின் பக்கம். நம் வீடுகளில் ஓடும் அரை இஞ்ச் ஜிஐ பைப்பையே எடுத்துக்கொள்வோம், மீடியம் கிளாஸ். வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், சுவர்க்கனம் 2.6. இந்த இரும்பை இழுத்து அறுக்க, குறைந்தபட்சக் கணக்கில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3260 கிலோ வேண்டும். குழாய் தாங்கும் அழுத்தம் என்பது சுவர்க்கனத்தை இரண்டால் பெருக்கி, இரும்பின் பலத்தாலும் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் வருவது. போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 800 கிலோ வரும். தண்ணீர் லைனில் நாம் வைப்பது நாலைந்து கிலோ, அதனால் இது பிரமாதமான குழாய்தான். ஆனால் மைனஸ் 7 வந்தால் ஐஸும் அதே 800-ஐ எட்டிவிடும். அதோடு, வெடிப்பதற்கு முன்பே, 500 கிலோ வாக்கில் இரும்பு உப்ப ஆரம்பித்துவிடும், உப்பினது திரும்பச் சுருங்காது. ஒருமுறை உறைந்து தப்பித்த குழாய் அடுத்தமுறை கொஞ்சம் மெலிந்த சுவரோடுதான் நிற்கிறது. எல்போவுக்கு வெளியே தெரிகிற மரை இருக்கிறதே, அங்கே வெட்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போயிருப்பதால், மைனஸ் 3, 4 என்றாலே அந்த இடம் ஆபத்து.

இப்போது சில்லருக்குள் இருக்கும் செம்புக் குழாய்க்கு வருவோம். 19 மில்லிமீட்டர் விட்டம், 0.7 கனம், மென்மையான செம்பு என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கில் கிடைப்பது 155 கிலோ சொச்சம். மைனஸ் ஒன்றேகால் டிகிரி போதுங்க! ஸ்கேலும் அரிப்பும் சேர்ந்தால் அதுவும் வேண்டாம். பம்ப் ட்ரிப் ஆகி ஓட்டம் நின்றுவிட்டது, கம்ப்ரஸர் மட்டும் ஓடுகிறது, கேஸின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, உள்ளே நிற்கும் தண்ணீரோ நகரவில்லை. இது போதும்.

ஒன்று மட்டும் எல்லோரும் தவறாகப் படம் போட்டுக்கொள்வது. ஐஸ் சுவரைப் பக்கவாட்டில் தள்ளிப் பிளக்கிறது என்று நினைக்கிறோம். 1990களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வீட்டுக் குழாய்களை உறையவைத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு: ஓர் இடத்தில் ஐஸ் அடைப்பு உருவாகிறது, அது நீளவாக்கில் வளர்ந்து, அதற்கும் மூடின டேப்புக்கும் நடுவில் மாட்டின தண்ணீரை நெருக்குகிறது. குழாய் வெடித்தது அந்தத் தண்ணீரின் அழுத்தத்தால். அதனால் ஐஸே இல்லாத இடத்தில், அடைப்பிலிருந்து தள்ளிக்கூட, கிழியலாம். மெயின் லைன் பக்கம் திறந்திருந்தால் தண்ணீர் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும், அந்தப் பக்கம் சேதம் இருக்காது. வெளியே மைனஸ் 7 வாக்கில் போனபோதுதான் அந்த வீடுகளில் உறைதல் தொடங்கியது என்பதும் அந்த ஆய்விலேயே உண்டு, ஏனென்றால் தண்ணீர் பூஜ்யத்தைத் தாண்டியும் சில டிகிரி உறையாமல் இறங்கும். பிறகு சட்டென்று உறையும்.

எவ்வளவு உறைந்தால் வெடிக்கும் என்று கேட்டீர்கள். தண்ணீரும் அழுத்தினால் கொஞ்சம் சுருங்கும், 200 கிலோவுக்கு ஒரு சதவீதம் வாக்கில். ஒரு மீட்டர் மாட்டிக்கொண்ட செம்புக் குழாயில் 155 கிலோ வர, பத்து சென்டிமீட்டருக்குள்ளாகவே அடைப்பு வளர்ந்தால் போதும். மீதி தொண்ணூறும் தண்ணீராகவே இருக்கும். டேப்பைத் துளித்துளியாகச் சொட்டவிடச் சொல்வதற்கு இதுதான் காரணம், மாட்டிக்கொள்ளும் தண்ணீரே இருக்காது. ஓடும் தண்ணீர் உறையாது என்பது பாதி உண்மைதான், நல்ல குளிரில் சொட்டும் குழாயும் உறையும், ஆனால் வெடிக்காது.

கடைசியாக, கழற்றிப் பார்க்கும்போது எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? உறைந்து உடைந்த குழாய் உப்பியிருக்கும், மீன் வாய் மாதிரி நீளவாக்கில் ஒரு கிழிசல் இருக்கும். அரிப்பால் ஓட்டை விழுந்தது என்றால் உப்பல் இருக்காது, குழி குழியாக இருக்கும். நீளவாக்கில் கிழிவதற்குக் காரணம், சுற்றுவாக்கில் சுவர்மேல் விழும் இழுவிசை நீளவாக்கில் விழுவதைப் போல இரண்டு மடங்கு. இன்னொன்று, ஐஸ் அடைத்துக்கொண்டிருக்கும்வரை பெரிதாக ஒழுகாது, உருகினதும்தான் தெரியும். அதனால் உறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்த சில்லரை, சைட் கிளாஸில் ஈரத்தைக் காட்டும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல், நைட்ரஜன் வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல், ஓனர் அவசரப்படுத்தினாலும் ஓடவிடாதீங்க.