ரிப்போர்ட்டில் 6.2, ஆனால் சர்க்கரை நோய் இல்லை

(திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். எச்பிஏ1சி 6.2 சதவீதம். பக்கத்தில் சிவப்பில் ‘ப்ரீடயபடீஸ்’.)

முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் ரிப்போர்ட் இது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் எச்பிஏ1சி. ப்ரீடயபடீஸ் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் சர்க்கரை 88. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 112. இரண்டுமே நார்மல். அப்படியானால் 6.2 எங்கிருந்து வந்தது?

(காட்சி: ஒரு சிவப்பணு, உள்ளே ஹீமோகுளோபின். குளுக்கோஸ் வந்து ஒட்டுகிறது.)

சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் தாராளமாகப் போய் வரும். உள்ளே போனது, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையில் இருக்கும் வேலின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த என்சைமும் தேவையில்லை. முதலில் ஒட்டுவது எளிதில் கழன்றுவிடும். கொஞ்ச காலத்தில் அதன் அமைப்பு மாறி, அப்புறம் அந்தச் செல் சாகும்வரை கழலாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்.

லேபில் பரவலாகச் செய்வது எச்பிஎல்சி முறை. சர்க்கரை ஒட்டிய முனையில் நேர் மின்னூட்டம் குறைந்துவிடுவதால், எதிர் மின்னூட்டம் கொண்ட குழாயில் அதற்குப் பிடிமானம் குறைவு. சீக்கிரமே வெளியே வந்துவிடும். மெஷின் அந்த அளவைச் சதவீதமாகத் தருகிறது. அந்தச் சதவீதத்தைச் சராசரி சர்க்கரையாக மாற்ற ஒரு சூத்திரம் உண்டு.

(திரையில்: 28.7 × 6.2 − 46.7 = 131)

சராசரி 131 என்கிறது கணக்கு. குளுக்கோமீட்டரில் இந்தப் பெண் நாள் முழுக்கப் பார்த்தாலும் 115-ஐத் தாண்டுவதே அபூர்வம். இங்கேதான் சந்தேகம் வர வேண்டும்.

அதே ரிப்போர்ட்டில் கொஞ்சம் மேலே பாருங்கள். ஹீமோகுளோபின் 8.6, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. இரும்புச்சத்து சுத்தமாக இல்லை. புதுச் செல்கள் உருவாவது குறைந்தால், ரத்தத்தில் வயதான செல்களின் பங்கு கூடும். வயதான செல் அதிக நாள் சர்க்கரையில் ஊறியிருக்கும். இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். சர்க்கரை கூடாமலே சதவீதம் கூடிவிட்டது!

சரி, இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று. இளம் செல்கள் குபுகுபுவென்று வருகின்றன. ஒரு மாதத்தில் மறுபடி பார்த்தால் எண் இறங்கியிருக்கலாம். “டயட் நல்லா வேலை செய்யுது” என்று அவர் சந்தோஷப்படுவார். உண்மையில் செல்களின் வயதுதான் இறங்கியிருக்கிறது. ரத்தசோகை சரியாகி, மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதே சரியான கணக்கு.

(காட்சி: டயாலிசிஸ் மெஷின்.)

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய், சமீபத்திய ரத்தப்போக்கு, டயாலிசிஸில் போடும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசி, இவற்றில் எல்லாம் செல்கள் இளசாகவே இருக்கும். வீட்டில் சராசரி 180 வருபவருக்கு எச்பிஏ1சி 7.9 வர வேண்டும். 6 என்று வந்து நிம்மதியைக் கொடுத்துவிடும். சிக்கிள் செல் நோய் உள்ளவர்களிடம் அளக்கவேண்டிய சாதாரண ஹீமோகுளோபினே பெரும்பாலும் இருக்காது. அவர்களுக்கு ஃபுருக்டோசமைன் பார்க்கலாம். அது ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், சிவப்பணுவின் வயது அதற்குப் பொருட்டே இல்லை. இரண்டு, மூன்று வாரக் கணக்கை மட்டும் சொல்லும்.