கரண்ட் போனால் தண்ணீர் நிற்கணுமா, ஓடணுமா?

[திரையில்: மொட்டை மாடி, 500 லிட்டர் டேங்க், வரிசையாகத் தொட்டிச் செடிகள்]

வணக்கம். இந்த மாடியில் அறுபது செடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு முனை. டேங்க் தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்குகிற அழுத்தத்தில் ஒரு முனை மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் விடும். டைமர் வைத்து காலையும் மாலையும் பத்து பத்து நிமிஷம் பாய்ச்ச வேண்டும், அதற்கு ஒரு சோலினாய்டு வால்வு, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குக் கரண்ட் கொடுத்து இயக்கும் வால்வு. கடைக்குப் போனால் முதல் கேள்வியே, என்.சி.யா என்.ஓ.வா என்பதுதான்.

என்.சி. என்றால் நார்மலி க்ளோஸ்டு. காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும், கொடுத்தால் திறக்கும். என்.ஓ., அதாவது நார்மலி ஓப்பன், இதற்குத் தலைகீழ். இங்கே எலக்ட்ரீஷியன்களே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் சுவிட்சில் என்.சி. முனை என்றால் கரண்ட் ஓடும், வால்வில் என்.சி. என்றால் தண்ணீர் ஓடாது. அதனால் கடையில் பெயரைச் சொல்லாதீர்கள், "கரண்ட் இல்லைன்னா மூடியிருக்கணும்" என்றே கேளுங்கள்.

சரி, மாடித் தோட்டத்துக்கு எது? ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போகிறது, வீட்டில் எல்லோரும் தூக்கம் என்று வைத்துக்கொள்வோம். என்.ஓ. வால்வு அப்போது திறந்துகொள்ளும். அறுபது முனையும் சேர்ந்து மணிக்கு 120 லிட்டர், ஐந்து மணி வாக்கில் டேங்க் காலி, செடியெல்லாம் சேறு. மோட்டார் போட்டு ஏற்றலாம் என்றால் அதற்கும் கரண்ட் இல்லை. ஆக, இங்கே என்.சி.தான். கரண்ட் போனால் ஒரு வேளைத் தண்ணீர் தவறும், செடி அதைத் தாங்கும்.

[திரையில்: அடுப்பின் மேல் செம்புப் பாத்திரம், ஆவிக் குழாய், குளிர்நீர்த் தொட்டி]

இப்போது எதிர்க் கதை. நீலகிரியில் யூகலிப்டஸ் இலையை விறகு அடுப்பில் வேகவைத்துத் தைலம் எடுப்பார்கள். ஆவி ஒரு குழாய் வழியாக வரும், குளிர்ந்த தண்ணீர் அதைத் திரவமாக்கும். அந்தக் குளிர்நீர்ப் பாதையில் ஒரு வால்வு வைப்பதாக இருந்தால்? கரண்ட் போனதும் விறகு அணைந்துவிடாது. தண்ணீர் நின்றால் ஆவி குளிராமலே வெளியே வரும், தைலமும் போச்சு, பக்கத்தில் நிற்பவர் கையும் வெந்துவிடும். அங்கே என்.ஓ. வேண்டும். ஆனால் வால்வு திறந்திருந்து என்ன பயன், தண்ணீரைத் தள்ளுவது ஒரு மோட்டாராக இருந்தால் அதுவும் நின்றிருக்குமே! மேட்டில் ஒரு டேங்க் இருந்து தண்ணீர் தானாக இறங்கினால்தான் என்.ஓ. போட்டதற்கு அர்த்தம்.

சிலர், வால்வு நாள் முழுக்கத் திறந்திருக்கப்போகிறது, என்.சி. போட்டால் காயில் சுடும், என்.ஓ. போட்டுவிடலாம் என்பார்கள். காயில் சுடுவது உண்மைதான், அதற்கு நாள் முழுக்க ஓடத் தாங்கும் காயில் கேட்டு வாங்குங்கள். அதற்காகக் கரண்ட் போகும் நேரத்தில் வால்வு எப்படி நிற்கும் என்பதை மாற்றிவிடாதீர்கள்.

மாடிக்கே வருவோம். சரியாக என்.சி. வாங்கி மாட்டியும் சிலருக்குத் தண்ணீர் வராது, அல்லது வந்தது நிற்காது. பைலட் வகை வால்வில் ரப்பர்த் தகட்டைத் தூக்குவதும் அழுத்துவதும் தண்ணீரின் அழுத்தமேதான், காயில் ஒரு சின்ன ஓட்டையைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். பல மாடல்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார். நம் டேங்கின் நீர்மட்டம் வால்வுக்கு மேலே ஒன்றரை மீட்டர், அதாவது 0.15 பார், போதாது. லேபிளில் அழுத்தம் '0' பாரில் தொடங்குகிற வால்வாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, அந்தப் பைலட் வகையில் ரப்பர்த் தகட்டில் குண்டூசி முனையளவு துளை இருக்கும். மணலோ உப்போ அதை அடைத்தால் கரண்ட் போனாலும் மூடாது, பெயர்தான் என்.சி.! வால்வுக்கு முன்னால் வடிகட்டி அவசியம். உடம்பில் இருக்கும் அம்புக்குறியையும் பாருங்கள், திருப்பி மாட்டினால் மூடியிருந்தாலும் ஒழுகும். அப்புறம், பேட்டரியில் ஓடும் லேட்சிங் வால்வுகள் இந்தக் கணக்கிலேயே வராது, பேட்டரி தீரும்போது எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே நிற்கும்.

[திரையில்: தண்ணீர் ஓடும்போது கை பிளக்கை உருவுகிறது]

மாட்டியதும் ஒரு சோதனை. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒருமுறை, கால்வாசி இருக்கும்போது ஒருமுறை, பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பிளக்கை உருவுங்கள். டைமரில் நிறுத்திப் பார்ப்பது போதாது. சில நிமிஷம் கழித்து, குழாயில் மிச்சமிருந்தது வடிந்த பிறகும் முனை சொட்டினால் வால்வைக் கழற்றித் தகட்டைக் கழுவுங்கள். பிறகு பிளக்கைத் திரும்பச் செருகி டைமர் நேரத்தைப் பாருங்கள், சில டைமர்கள் கரண்ட் வந்ததும் 12:00 என்று காட்டி, காலைத் தண்ணீரை ராத்திரியில் விடும்.